தலை தொங்கிய கத்தரிக் குருத்து: படத்தை வைத்துத் துளைப்பானைக் கண்டுபிடிப்பது எப்படி

போன மாசி மாதம் மதியம் ஒரு மணிக்கு என் கைபேசிக்கு ஒரு படம் வந்தது. வடகரப்பதிப் பக்கம் 30 சென்ட் கத்தரி போட்டிருக்கும் தம்பி ஒருவர் அனுப்பியது. கூடவே குரல் பதிவு: "அண்ணா, செடியெல்லாம் தலை தொங்கிப் போச்சுங்க. கடையில காட்டினேன், வாடல் நோயுன்னு சொல்லி மருந்து குடுத்தாங்க. வேர்ல ஊத்தி நாலு நாளாச்சு, நிக்க மாட்டேங்குது."

படத்தில் உச்சி வெயிலும், பத்துப் பதினைந்து செடிகளின் பச்சையும், நடுவில் அவருடைய நிழலும் இருந்தன. இலைகள் தொங்கிக்கொண்டிருந்தது உண்மைதான். ஆனால் மாசி வெயிலில் மதியம் ஒரு மணிக்கு எந்தக் கத்தரிச் செடியின் இலைதான் தொங்காது? நாளைக் காலையில் வெயில் ஏறுமுன் ஏழு படங்கள் எடுத்து அனுப்பச் சொன்னேன். எந்த ஏழு, எப்படி எடுப்பது, வந்த படத்தை எப்படிப் படிப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கேரளத்துப் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் இந்தக் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை முதல் வேலந்தாவளம் வரை, கத்தரி போடுகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இந்த ஒரு சந்தேகம்தான்.

முதலில் புழு போகும் வழி

தண்டு மற்றும் காய்த்துளைப்பான் என்று தமிழ்ப் புத்தகங்களில் இருக்கும். நம் ஊரில் குருத்துப் புழு என்றும், காய்க்குள் போய்விட்டால் சொத்தைப் புழு என்றும் சொல்வோம். இரண்டும் ஒரே புழுதான். இது தெரியாமல் குருத்துக்கு ஒரு மருந்து, காய்க்கு ஒரு மருந்து என்று வாங்கியவர்கள் உண்டு. இதன் அறிவியல் பெயர் லூசினோடஸ் ஆர்போனாலிஸ். மருந்து டப்பாவிலோ துண்டறிக்கையிலோ இந்தப் பெயரைப் பார்த்தால் இதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தாய் ஒரு சின்ன வெள்ளை அந்துப்பூச்சி. முன் இறக்கையில் பழுப்புத் திட்டுகள் இருக்கும். இரவில் வந்து இலையின் அடிப்பக்கத்திலும் இளந்தண்டிலும் பூமொட்டிலும் காய்க்காம்பின் தொப்பியிலும் ஒவ்வொன்றாக முட்டையிடும். மூன்று முதல் ஐந்து நாளில் முட்டை பொரியும். வெளியே வரும் புழு நூல் துண்டு அளவுதான் இருக்கும், நிறமும் வெளுப்பு. அது சிறிது நேரம் செடியின் மேல் ஊர்ந்து, இளசான இடமாகப் பார்த்துத் துளைத்து உள்ளே போய்விடும். பெரும்பாலும் இலைக்காம்பு தண்டோடு சேரும் கக்கத்தில்தான் நுழையும். அதன் பிறகு சுமார் இரண்டு வாரம் உள்ளேயே தின்று வளரும். வளர்ந்த புழு ரோஸ் நிறமாக, தலை மட்டும் பழுப்பாக, ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். பிறகு துளை போட்டு வெளியே வந்து, உதிர்ந்த சருகிலோ காய்ந்த தண்டிலோ சாம்பல் நிறக் கூடு கட்டும். ஏழு முதல் பத்து நாளில் மறுபடி அந்துப்பூச்சி.

படம் பார்க்கிறவருக்கு இதில் மூன்று தடயங்கள் கிடைக்கின்றன. தண்டின் உள்சோற்றைத் தின்பதால் துளைக்கு மேலே தண்ணீர் ஏறாது, அந்த நுனி மட்டும் தொங்கும். உள்ளே தின்பதைத் துளை வழியாக வெளியே தள்ளுவதால் எச்சம் வாசலில் அடைத்துக்கொண்டு நிற்கும். உட்புறம் குடைந்த வழி பழுப்பேறிக் கிடக்கும். மூன்றும் சேர்ந்தால் சந்தேகமே இல்லை. முதல் ஒன்றை மட்டும் வைத்துத்தான் பலரும் முடிவு கட்டுகிறார்கள். அந்தத் தம்பிக்குக் கடையில் நடந்ததும் அதுதான்.

படி 1: காலையில் போய், முழுச் செடியை எடுங்கள்

காலை ஆறரையிலிருந்து எட்டுக்குள் எடுங்கள். இரவு முழுக்க வேர் தண்ணீர் இழுத்திருப்பதால், நன்றாக இருக்கும் செடி அந்த நேரத்தில் விறைத்து நிற்கும். அப்போதும் தொங்குகிற நுனிக்கு ஏதோ ஒரு காரணம் இருக்கிறது. முந்தின நாள் மதியம் தொங்கிக் காலையில் நிமிர்ந்திருந்தால் அது வெறும் வெயிலோ தண்ணீர்க் குறைவோதான். பாசனத்தைப் பாருங்கள், மேலே படிக்க வேண்டியதில்லை.

முதல் படம் முழுச் செடி. நின்றபடி மேலிருந்து எடுக்காமல், குந்தி உட்கார்ந்து, செடியின் அடித்தண்டும் உச்சியும் ஒரே சட்டத்துக்குள் வருகிற மாதிரி எடுங்கள். இந்தப் படத்தில் நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: எத்தனை கிளை தொங்குகிறது, மீதி கிளைகள் எப்படி இருக்கின்றன.

துளைப்பான் தாக்கிய செடி ஓரவஞ்சனையாகத் தொங்கும். ஒன்பது நுனியில் இரண்டு மூன்று மட்டும் கைத்தடிப் பிடி மாதிரி வளைந்திருக்க, அதன் கீழேயுள்ள இலைகளும் பக்கத்துக் கிளைகளும் விறைப்பாக நிற்கும். நெல் போட்டவர்களுக்கு இது புதிதல்ல. தூரில் சுற்றியுள்ள தோகை பச்சையாக நிற்க, நடுக்குருத்து மட்டும் காய்ந்து போகுமே, அதே கதை. இதற்கு மாறாக உச்சி முதல் அடி வரை எல்லா இலையும் ஒன்றாகத் துவண்டிருந்தால் கோளாறு அடித்தண்டிலோ வேரிலோ இருக்கிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

படி 2: தொங்கிய நுனிகளில் புதியதைத் தேர்ந்தெடுங்கள்

எல்லோரும் நன்றாகக் காய்ந்து கருகிய நுனியைத்தான் படம் எடுத்து அனுப்புவார்கள். பார்க்கப் பயங்கரமாக இருப்பதால் கை அங்கேதான் போகும். ஆனால் அது பழைய கணக்கு. காய்ந்த தண்டில் புழுவுக்குத் தின்ன ஒன்றுமில்லை. பெரும்பாலும் கிளம்பிப் போயிருக்கும்.

தாக்கிய முதல் ஓரிரு நாளில் நுனியின் இரண்டு மூன்று இலைகள் பச்சை நிறம் மாறாமலே துவண்டு தொங்கும். தொட்டால் ஈரத்துணி மாதிரி இருக்கும். அடுத்த சில நாளில் நிறம் மங்கி, விளிம்பு சுருண்டு, பழுப்பாகக் காய்ந்துவிடும். பிறகு அதற்குக் கீழே உள்ள கணுக்களிலிருந்து பக்கக்கிளை கிளம்பும். ஆகவே பச்சையாகத் தொங்குவது இப்போது உள்ளே புழு இருக்கிற நுனி, காய்ந்தது புழு போன நுனி, காய்ந்த நுனிக்கடியில் புதுத்தளிர் வந்திருந்தால் அது இன்னும் பழையது. ஒரே வயலில் இந்த மூன்றும் கலந்து கிடந்தால் தாக்குதல் இன்று நேற்று ஆரம்பித்தது அல்ல என்று படத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

இரண்டாவது படம் இப்படிப்பட்ட பச்சையாகத் தொங்கும் ஒரு நுனி. வளைவும் அதற்குக் கீழே ஒரு சாண் தண்டும் படத்தில் இருக்க வேண்டும். தொங்கும் இலையை மட்டும் எடுத்தால் பயனில்லை, ஏனென்றால் துளை வளைவுக்குக் கீழேதான் இருக்கும்.

படி 3: துளையும் எச்சமும்

இங்கேதான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். வளைவிலிருந்து விரலைத் தண்டின் மேல் மெதுவாகக் கீழே இறக்குங்கள். முள் இருக்கும் ரகமானால் பார்த்து. ஒன்று இரண்டு அங்குலத்துக்குள், பெரும்பாலும் ஓர் இலைக்கக்கத்தில், சின்னதாக ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பது தட்டுப்படும். அதுதான் எச்சம். நம் ஆட்கள் மறைக்காமல் புழுப்பீ என்பார்கள். அதைத் துடைத்துவிடாதீர்கள், படம் எடுங்கள்.

புது எச்சம் ஈரமாக, வெளிர்பச்சையிலிருந்து இளம்பழுப்பு வரை, ரவை நனைந்து கட்டியாகியது மாதிரி குருணைகுருணையாக இருக்கும். பழையது காய்ந்து கரும்பழுப்பாகி, தொட்டால் உதிரும். படத்தில் ஈரப் பளபளப்பு தெரிந்தால் புழு உள்ளே இருக்க வாய்ப்பு அதிகம்.

படத்தில் நம்மை ஏமாற்றுகிறவை மூன்று. ஒன்று, மழையிலோ சொட்டுநீர்க் குழாய் கசிவிலோ தெறித்த மண். நம் கருமண் தெறித்துக் காய்ந்தால் பழைய எச்சம் போலவே இருக்கும். ஆனால் மண் தண்டின் கீழ்ப்பாதியில் ஒரு பக்கமாக அப்பியிருக்கும். எச்சம் மேல்பகுதியில் ஒரே புள்ளியில் குவிந்திருக்கும். ஈர விரலால் தேய்த்தால் மண் கரைந்து இழுபடும், எச்சம் குருணையாகவே உருளும். இரண்டு, கக்கத்தில் சிக்கிய காய்ந்த பூவிதழ். இதைத் தட்டினால் விழுந்துவிடும், அடியில் துளை இருக்காது. மூன்று, தண்டின் மேல் இருக்கும் சுணைமயிரில் பிடித்த தூசி. இளந்தண்டில் சுணை அடர்த்தி. ஊதா நிறத் தண்டில் துளை பளிச்சென்று தெரியும், பச்சைத் தண்டு ரகத்தில் அதே துளை மறைந்துவிடும். அதனால் பச்சைத்தண்டு ரகத்தில் துளை தெரியவில்லை என்று படம் வந்தால் துளை இல்லை என்று நான் முடிவு செய்வதில்லை.

மூன்றாவது படம் எடுக்கும் முறை இது. தண்டுக்குப் பின்னால் உங்கள் இடது உள்ளங்கையை வையுங்கள். இல்லாவிட்டால் கைபேசி தண்டை விட்டுவிட்டு ஐந்தடி தள்ளியிருக்கும் வரப்பைத் தெளிவாக எடுக்கும். ரொம்பக் கிட்டப் போகாதீர்கள். ஒரு சாண் தள்ளி நின்று இரண்டு மடங்கு பெரிதாக்கி, திரையில் துளையின் மேல் ஒருமுறை தொட்டு, பிறகு எடுங்கள். வெயில் நேராக விழுந்தால் உங்கள் உடம்பின் நிழலைப் போடுங்கள். பிளாஷ் வேண்டாம், ஈரத்தின் பளபளப்பும் பிளாஷின் வெளிச்சமும் ஒன்றாகிவிடும். பக்கத்தில் ஒரு தீக்குச்சியை வையுங்கள், அளவு தெரியும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது HD என்று இருப்பதைத் தொட்டுவிட்டு அனுப்புங்கள், அல்லது டாக்குமெண்டாக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, ரவைக் குருணை எல்லாம் ஒரு பழுப்புக் கறையாகிவிடும்.

படி 4: பிளந்து பாருங்கள்

மேலே சொன்ன மூன்று படமும் சரியாக இருந்தாலும், கடைசித் தீர்ப்பு பிளேடில்தான். துளைக்குக் கீழே மூன்று அங்குலம் விட்டு நுனியை வெட்டி எடுத்து, ஒரு வெள்ளைத் தாளில் வைத்து, நீளவாக்கில் பிளந்து, இரண்டு பாதியையும் விரித்துப் படம் எடுங்கள். இது நான்காவது படம்.

உள்ளே நடுச்சோறு போய்க் குழல் மாதிரி ஆகி, சுவர் பழுப்பேறி, எச்சம் அடைத்துக்கிடந்தால் துளைப்பான்தான். குழலின் ஒரு முனையில் புழு இருக்கும். வெளுத்த சின்னப் புழுவைப் பார்த்து "இது ரோஸ் இல்லையே, வேறேதோ" என்று குழம்பாதீர்கள். இளம்பருவத்தில் அது வெள்ளைதான், வளர வளரத்தான் ரோஸ் ஏறும். ஒரு குருத்தில் பெரும்பாலும் ஒரே புழுதான் இருக்கும். குழல் இருக்கிறது, புழு இல்லை என்றால் அது ஏற்கெனவே கிளம்பிவிட்டது. பக்கத்துக் குருத்தையோ காயையோ தேடிப் போயிருக்கலாம், கூடு கட்ட இறங்கியும் இருக்கலாம்.

வெட்டிய இடத்தில், அதாவது துளைக்கு மூன்று அங்குலம் கீழேயும், தண்டின் நடுவே பழுப்புப் புள்ளி தெரிந்தால் குடைந்த வழி இன்னும் கீழே போகிறது என்று அர்த்தம். புழு செடியிலேயே இருக்கிறது. வெள்ளையாகச் சுத்தமான வெட்டு கிடைக்கும்வரை கீழே போய் வெட்ட வேண்டும். வாராவாரம் குருத்துக் கிள்ளுகிறோம், ஆனாலும் குறையவில்லை என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது வெட்டிய தண்டின் படத்தைத்தான். பாதிப் பேர் வாடிய இலையை மட்டும் கிள்ளியிருப்பார்கள்.

உள்சோறு பச்சையாக, சுத்தமாக இருந்தால் துளைப்பான் இல்லை. காரணத்தை வேறிடத்தில் தேடுங்கள்.

படி 5: காயில் ஓட்டை இருந்தால் அதை எப்படிப் படிப்பது

காய்ப்புக்கு வந்த வயலில் இது தனி விவகாரம். காயின் நடுவில் வட்டமாக, பால்பாயிண்ட் பேனா முனை போகிற அளவுக்கு ஓட்டை இருக்கிற படத்தை அனுப்பி, "உள்ளே புழு நுழைஞ்சிருக்குங்க" என்பார்கள். பெரும்பாலும் நேர்மாறு. அது புழு வெளியேறிய ஓட்டை. உள்ளே நுழைந்தபோது அது நூல் துண்டு. நுழைந்த வழி குண்டூசித் துளையை விடச் சிறியது, காய் வளர்ந்ததும் தழும்பாகி ஆறிவிடும். வளர்ந்த புழு வெளியே வரும்போதுதான் பெரிய ஓட்டை விழுகிறது.

அப்படியானால் உள்ளே புழு இருக்கும் காயை எப்படிக் கண்டுபிடிப்பது? காயைத் திருப்பி, காம்புத் தொப்பியைப் பாருங்கள். முட்டையிலிருந்து வந்த புழுவுக்குப் பிடித்த வாசல் தொப்பிக்கும் தோலுக்கும் நடுவிலுள்ள இடுக்கு. தொப்பியின் விளிம்பில் சின்னப் பழுப்புப் புள்ளியோ, ரவைக் குருணை ஒன்றிரண்டோ ஒட்டியிருந்தால் அந்தக் காயை நறுக்கிப் பாருங்கள். ஐந்தாவது படம் இந்தத் தொப்பி விளிம்பு, ஆறாவது அதே காயை நீளவாக்கில் நறுக்கியது. குருத்தில் ஒரு புழு என்றால் காயில் இரண்டு மூன்றுகூட இருக்கும்.

இங்கே ஒரு சூழ்ச்சி இருக்கிறது. காய் வந்துவிட்டால் புழுவுக்குக் குருத்தை விடக் காய்தான் பிடிக்கும். அதனால் காய்ப்பு ஏறுகிற வாரத்தில் தொங்கும் நுனிகள் தானாகவே குறையும். அந்த நேரம் பார்த்து மருந்து அடித்தவர், மருந்து கேட்டுவிட்டது என்று நிம்மதியாக இருப்பார். பதினைந்து நாள் கழித்து வேலந்தாவளம் சந்தையில் பாதிக் காயைக் கழித்து எடுப்பார்கள். குருத்துப் படம் சுத்தமாக வந்தாலும் தொப்பிப் படம் கேட்பது இதனால்தான்.

காயில் வேறு சேதங்களும் உண்டு. ஓட்டையே இல்லாமல் வெளிறிய குழிந்த வட்டமும் அதில் வளையவளையமாகக் கறுப்புப் புள்ளிகளும் இருந்தால் அது பூஞ்சணம், காயழுகல். ஓட்டை பெரிதாக, ஓரம் ஒழுங்கற்று, புழு பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு தின்றால் அது பச்சைக் காய்ப்புழு, தக்காளியில் வருவதுதான்.

முழுச் செடியும் துவண்டிருந்தால்

நம் எல்லையில் இதைக் குழப்பிக்கொள்ள நிறைய வாய்ப்பு. முதல் சந்தேகம் பாக்டீரியா வாடல். கேரளத்தில், அதுவும் புளிப்பு மண்ணில், இது கத்தரிக்கு வழக்கமான வியாதி. இலை பழுக்காமலே, பச்சையாக இருக்கும்போதே, செடி முழுக்க இரண்டு மூன்று நாளில் சாய்ந்துவிடும். பார்க்கும் முறை எளிது. அடித்தண்டில் இரண்டு மூன்று அங்குலம் வெட்டி, கண்ணாடி டம்ளரில் சுத்தமான தண்ணீர் எடுத்து, தண்டின் வெட்டுமுனை தண்ணீரில் படும்படி ஆட்டாமல் தொங்கவிடுங்கள். சில நிமிடத்தில் பால் நூல் மாதிரி வெள்ளையாக இறங்கினால் பாக்டீரியாதான். டம்ளருக்குப் பின்னால் கறுப்புத் துணி வைத்துப் படம் எடுத்தால் நூல் தெளிவாகத் தெரியும்.

நூல் இறங்கவில்லை என்றால் அடித்தண்டைப் பிளந்து பாருங்கள். வயதான செடியில் தண்டுத் துளைப்பான் என்று இன்னொன்று உண்டு. அதன் புழு ரோஸ் ஆகாது, வெளுப்பாகவே இருக்கும். குருத்தை விட்டுவிட்டு முதிர்ந்த அடித்தண்டைக் குடையும். அடித்தண்டும் சுத்தமாக இருந்து, இலை விளிம்பெல்லாம் அரைவட்டமாகக் கடித்திருந்தால், செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். சாம்பல் கூன்வண்டின் புழு வேரைத் தின்றிருக்கும்.

அந்தத் தம்பியின் ஏழு படங்கள்

மறுநாள் காலை ஏழே காலுக்கு வந்தன.

முதல் படத்தில் ஒரு செடி, ஒன்பது கிளை. மூன்று நுனி மட்டும் வளைந்திருந்தன. ஒன்று பச்சை, ஒன்று மங்கல், ஒன்று கருகியது. கருகியதற்குக் கீழே தளிர். ஆக வந்து பத்து நாளுக்கு மேல் இருக்கும் என்று எழுதினேன். நாற்று நட்டு 45 நாள் ஆகிறது, முதல் பூ வந்தது போன வாரம் என்றார்.

இரண்டாவது படம் வளைவு. மூன்றாவதில் துளை தெரியவில்லை. பச்சைத்தண்டு ரகம், சுணையில் பனி வேறு. கக்கத்தில் ஏதோ பழுப்பாக இருந்தது, பூவிதழாகவும் இருக்கலாம். தட்டச் சொன்னேன். "விழ மாட்டேங்குதுங்க" என்றார்.

நான்காவதில் பிளந்த தண்டு. தீக்குச்சி நீளத்துக்குக் குழல், சுவர் பழுப்பு, கீழ்முனையில் ரோஸ் புழு, தீக்குச்சியில் மூன்றில் ஒரு பங்கு. "இது காய்ல இருக்கற புழுவாச்சேங்க" என்று அவரே சொன்னார். ஆமாம் என்றேன். வெட்டிய முனையில் பழுப்புப் புள்ளி இல்லை, சரியான இடத்தில் வெட்டியிருந்தார்.

ஐந்தும் ஆறும் காய்ப் படம். காய் அப்போதுதான் கோலிக்குண்டு அளவு; நறுக்கியதில் ஒன்றுமில்லை. ஏழாவது எதற்கென்று தெரியாமலே நான் கேட்ட படம், வயலின் நான்கு பக்க வேலியும் தெரிகிற மாதிரி. அதில் கிழக்கு வேலியோரம் காய்ந்த குச்சிக் குவியல் ஒன்று தெரிந்தது. போன போகத்துக் கத்தரிச் செடி, அடுப்புக்காக அம்மா அடுக்கி வைத்தது என்றார். கூடு கட்டிய புழுக்கள் அதில்தான் இருந்து அந்துப்பூச்சியாகக் கிளம்பியிருக்க வேண்டும். தாக்குதல் எந்த வரிசையில் அதிகம் என்று கேட்டதற்கு, "கிழக்குதானுங்க" என்றார்.

ஒரு செடியின் படத்தை வைத்து வயல் முழுக்க இவ்வளவு சேதம் என்று சொல்ல முடியாது. அதனால் ஐந்து இடங்களில் நான்கு நான்கு செடியாக, ஓரத்தில் மட்டும் நில்லாமல் நடுவிலும் போய், 20 செடி எண்ணச் சொன்னேன். தொங்கிய நுனி மொத்தம் 13, அதில் 8 கிழக்கு ஓரத்து நான்கு செடிகளில். முழுச் செடியாகச் சாய்ந்தது இரண்டு. அந்த இரண்டில் ஒன்றை வெட்டி டம்ளரில் விட்டார். வெள்ளை நூல் இறங்கியது.

ஆக, கடைக்காரர் சொன்ன வாடலும் வயலில் இருந்தது. இரண்டு செடியில். மீதி தொங்கலெல்லாம் புழு. ஒரே பெயரை எல்லாவற்றுக்கும் போட்டதில் நாலு நாள் போய்விட்டது.

வாடிய இரண்டையும் வேரோடு பிடுங்கி வயலுக்கு வெளியே எரிக்கவும், அந்தக் குழியிலிருந்து பக்கத்துச் செடிக்குத் தண்ணீர் ஓடாமல் அணைக்கவும் சொன்னேன். அடுத்த போகத்துக்குக் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் சூர்யா, சுவேதா, ஹரிதா, நீலிமா ரகங்களை வேளாண் அலுவலகமான கிருஷி பவனில் கேட்கலாம். அவை பாக்டீரியா வாடலைத் தாங்கும். புழுவைத் தாங்கும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். (அங்கே போய்க் கத்தரி என்று கேட்டால் கத்திரிக்கோலைக் காட்டாமல் இருந்தால் சரி. மலையாளத்தில் வழுதன என்று கேளுங்கள். நம் பழைய வழுதுணைதான்.)

தொங்கிய நுனிகளைச் சுத்தமான வெட்டு வரும்வரை இறக்கி வெட்டி, வரப்பில் போடாமல் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி வெயிலில் வைத்தார். வரப்பில் போட்டால் உள்ளே இருக்கும் புழு இறங்கிச் சருகில் கூடு கட்டிவிடும். வேலியோரக் குவியல் அன்றே அடுப்புக்குப் போனது. ஏக்கருக்கு ஐந்து கணக்கில் அவருடைய 30 சென்டுக்கு இரண்டு இனக்கவர்ச்சிப் பொறி வைத்தார். மருந்தைப் பொறுத்தவரை நான் சொன்னது ஒன்றுதான்: உள்ளே போன புழு மேல் எதுவும் படாது. முட்டை பொரிந்து ஊரும் அந்தச் சிறிது நேரத்துக்குத்தான் தெளிப்பு. பொறியில் அந்துப்பூச்சி விழ ஆரம்பித்த பிறகு, கிருஷி பவனில் கேட்டு, கடைசித் தெளிப்புக்கும் பறிப்புக்கும் டப்பாவில் போட்டிருக்கும் நாள் இடைவெளியை விட்டு.

மூன்று வாரம் கழித்து மறுபடி படம் வந்தது, இந்த முறை கேட்காமலே. 20 செடியில் தொங்கிய நுனி நான்கு. நான்கிலும் எச்சம் காய்ந்து கறுத்திருந்தது. கூடவே ஒரு காயின் தொப்பியைக் கிட்டத்தில் எடுத்திருந்தார், உள்ளங்கை பின்னால் தெரிந்தது. விளிம்பில் ஈரமாக இரண்டு குருணை. "இது உள்ள இருக்குதுங்களா அண்ணா?" நறுக்கிப் பார்க்கச் சொன்னேன். அடுத்த படத்தில் புழு வெள்ளையாக, அரிசி நீளம்கூட இல்லை.